சரி, மூன்று புள்ளி, ஒரு கட்டைவிரல்

இர்பித்
ஜூன் 14

உபாதா,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். இரண்டு முறை அழைத்தேன், மணிகூட அடிக்கவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதை அகபா பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அக்கா வீட்டு முகவரியை நம் அலுவலகத்துத் தீமாதான் கொடுத்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் வற்புறுத்திக் கேட்டேன்.

முதலில் நீ தெரிந்துகொள்ள விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். அபூ ஃபவாஸ் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறார். மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். நேற்றும் இரத்தம் ஏற்றினார்கள். அன்று காலை அவரோடு டயாலிசிஸுக்குப் படுத்திருந்த மற்றவர்கள் வீட்டில் நலமாக இருக்கிறார்கள். நம் மையம் மூடிக் கிடக்கிறது. எல்லோரும் வேறு மருத்துவமனையில் போய் வரிசையில் நிற்கிறார்கள்.

இனி நான் கேட்க வந்தது. விசாரணைக் குழுவுக்கு நீ எழுதிக் கொடுத்ததை இயக்குநர் எனக்கு வாசித்துக் காட்டினார். "தலைமைச் செவிலியர் எரிச்சலோடு என் வாயை அடைத்து, சிகிச்சையைத் தொடங்கச் சொன்னார்." இதுதான் உன் வாக்கியம். எங்கே எரிந்து விழுந்தேன்? எப்போது தொடங்கச் சொன்னேன்?

அன்று நடந்த பேச்சு இவ்வளவுதான். குளோரினை வடிகட்டும் தொட்டி அறையிலிருந்து நீ கைப்பேசியில் எழுதினாய்: "சிஸ்டர், முதல் கரித்தொட்டி தாண்டி வர்ற தண்ணியில குளோரின் கூடுதலா காட்டுது!! ரெண்டாவது தொட்டியையும் சோதிச்சிட்டுச் சொல்லட்டுமா, இல்ல ஆரம்பிச்சிடலாமா?!" அதன் பின்னால் ஒரு மண்டையோடு, கண்ணீர் ஆறாக ஓடும் ஒரு முகம். நான் எழுதியது "சரி..." என்ற ஒரு சொல்லும் ஒரு கட்டைவிரலும்.

சோதித்துவிட்டுச் சொல்லட்டுமா என்றாய், சரி என்றேன். புள்ளிகள் எதற்கு? 'காத்திருக்கிறேன், முடித்துவிட்டு வந்து மீதியைச் சொல்' என்பதற்கு. கட்டைவிரல் எதற்கு? 'நல்லது, கவனமாக இருக்கிறாய்' என்பதற்கு. பிறகு நான் கூடத்துக்குள் போனபோது 'தண்ணீர் நன்று' என்ற பச்சை அட்டை பலகையில் தொங்கியது. அதைத் தொங்கவிட்டது நீ. அதை நம்பித்தான் என் செவிலியப் பிள்ளைகள் நோயாளிகளை இயந்திரத்தோடு இணைத்தார்கள்.

அபூ ஃபவாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், மூச்சு முட்டுது, முதுகு பொளக்குது" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் குழாயில் ஓடும் இரத்தம் இரத்தம் மாதிரியே இல்லை. மாதுளைச் சாறு மாதிரி கண்ணாடியாகத் தெரிந்தது, தண்ணீரிலிருந்த குளோரின் இரத்த அணுக்களை உடைத்திருந்தது. எல்லா இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்லிக் கத்தியது நான்தான். நீ வாசலில் வெளுத்துப்போய் நின்றாய்.

ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதில் இல்லாததை ஏன் சேர்த்தாய்?

நவால் ஹத்தாதின்


அகபா
ஜூன் 18

சிஸ்டர் நவாலுக்கு,

இல்லாததைச் சேர்த்தேனா? நீங்கள் எழுதியதை நீங்களே வாசித்துப் பார்த்ததில்லை. அதுதான் சிக்கல்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நீங்கள் எனக்கு அனுப்பிய முதல் செய்தி: "உன் அறிக்கை வந்தது..." அவ்வளவுதான். வந்தது, அப்புறம்? தப்பா? தாமதமா? மறுநாள் காலை வரை அதையே திறந்து திறந்து பார்த்தேன். அக்காவிடம் காட்டினேன். "உன் மேல கடுப்புல இருக்காங்கடா, சொல்ல வந்ததை முழுங்கிட்டு புள்ளி வச்சிருக்காங்க" என்றாள். என் வயதில் யாரிடம் காட்டினாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒருவர் சொல்லாமல் விட்டதைத்தான் அந்தப் புள்ளிகள் சொல்கின்றன. 'எனக்குப் பிடிக்கவில்லை, நீயே புரிந்துகொள்' என்கின்றன.

கட்டைவிரல் அதைவிட மோசம். ஒருவர் நாலு வரி எழுதிக் கேட்கிறார், பதிலுக்கு ஒரு விரல் வருகிறது என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். 'போதும், வேலையைப் பார்.' நண்பன் அனுப்பினால்கூட, என்னடா கோபம் என்று கேட்போம். உங்களிடம் கேட்க முடியுமா?

அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்த நாள் நினைவிருக்கிறதா? ஒருநாள் விடுப்புக் கேட்டேன். "போய் வா." என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தீர்கள். பக்கத்தில் லேசாகச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகம். அந்த முகத்தை நாங்கள் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது அது. 'போ போ, திரும்பி வருவாய்தானே' என்று சொல்வது. மயக்கம் தெளிவதற்கு முன்பே அம்மாவை விட்டுவிட்டு மதியம் வேலைக்கு வந்து நின்றேன். நீங்கள் "ஏன்டா அதுக்குள்ள வந்துட்டே?" என்று கேட்டீர்கள். குத்திக் காட்டுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

அன்று காலை நான் தொட்டி அறைக்குள் போவதற்கு முன்பே நீங்கள் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள்: "நோயாளிகள் வந்துவிட்டார்கள்..." அதை மறந்துவிட்டீர்களா? முதல் சோதனையைச் செய்தபோதே என் கழுத்தில் அந்தப் புள்ளிகள் உட்கார்ந்திருந்தன. தெருவில் குடிநீர்க் குழாய் பழுது பார்த்த மறுநாள் அது, தண்ணீரில் குளோரின் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால்தான் கேட்டேன், பார்க்கட்டுமா, ஆரம்பிக்கலாமா என்று. "சரி..." வந்தது. கட்டைவிரல் வந்தது. 'இன்னும் என்ன கேள்வி, ஆரம்பி' என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அபூ ஃபவாஸைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

உபாதா ஷுரைதே


இர்பித்
ஜூன் 21

உபாதா,

உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோனேன். திரும்பி வந்து மறுபடி வாசித்தேன். விடுப்புக் கேட்டபோது நான் அனுப்பியது சிரிப்பு. வெறும் சிரிப்பு. உன் அம்மாவுக்காக அன்று மாலை தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினேன். இதை உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நீ கொட்டினாய், இப்போது நான் கொட்டுகிறேன். நான் பணி நேரத்தை மாற்றி அட்டவணை போட்டால் நீ "சரி சிஸ்டர்!!" என்று எழுதுவாய். அந்தக் குறியின் பெயரே வியப்புக்குறிதானே? பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நம்ப முடியாததைப் பார்த்தால்தான் அதை வைக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு இரண்டு வியப்புக்குறி போட்டால், 'இதுகூட ஒரு அட்டவணையா, உனக்கு வெட்கமில்லையா' என்று கேட்பதாகத்தான் எனக்குப் படும். "காலை வணக்கம்!" என்று எழுதுவாய். காலையிலேயே ஏன் இந்தப் பையன் என் முகத்தில் கத்துகிறான் என்று நினைப்பேன்.

அதனாலேயே நான் புள்ளி வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். நீ கத்தும்போது நான் பதிலுக்குக் கத்தாமல், சொல்லின் முனையை மழுக்கி, மெதுவாக முடிப்பதற்கு. 'வா' என்று மட்டும் எழுதினால் அதிகாரம். 'வா...' என்றால் அன்பு. என் தோழிகள் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம்.

மண்டையோட்டுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் ஒருநாள் தொட்டி அறையிலிருந்து "செத்தேன்" என்று எழுதி மண்டையோடு அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? மின்சாரம் தாக்கிவிட்டது என்று செருப்பில்லாமல் படியிறங்கி ஓடிவந்தேன். நீ அங்கே கைப்பேசியில் ஏதோ பூனையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அன்று மாலை என் அண்ணன் மகளிடம் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை, மண்டையோடுன்னா சிரிச்சுச் சிரிச்சே செத்துட்டேன்னு அர்த்தம். அழுற முகமும் அதேதான். யாரும் நிஜமா அழுதா அதைப் போட மாட்டாங்க" என்றாள். மனப்பாடம் செய்துகொண்டேன். இனி இந்தப் பிள்ளைகளின் முன்னால் அசடு வழியக் கூடாது என்று.

ஆகவே அன்று காலை குளோரின் கூடுதல் என்ற வரிக்குப் பின்னால் மண்டையோட்டையும் அழும் முகத்தையும் பார்த்தபோது, விளையாட்டாகச் சொல்கிறான், அளவு வரம்பை லேசாகத் தொட்டிருக்கும், இரண்டாவது தொட்டி பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டேன். பயமே வரவில்லை. உன் மொழியைக் கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் மறுபடியும் செருப்பில்லாமல் ஓடிவந்திருப்பேன்.

ஒரு செய்தி. திங்கட்கிழமை விசாரணை. நம் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவார்கள். இயக்குநர் நேற்று என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். 'ஆபத்தான அளவீட்டைக் கேலிச் சின்னங்களோடு அனுப்பினார், பொறுப்பற்றவர்' என்று உன்னைப் பற்றி எழுதியிருந்தது. "இதுல கையெழுத்துப் போடுங்க சிஸ்டர். குழுவுல எல்லாரும் நம்ம வயசுக்காரங்க. மண்டையோட்டைப் பாத்தாலே முடிவு பண்ணிடுவாங்க. நீங்க நிம்மதியா ஓய்வு வாங்கிட்டுப் போகலாம்" என்றார்.

தாள் என் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவால்


அகபா
ஜூன் 24

சிஸ்டர்,

நீங்கள் மறைக்காமல் சொன்னதால் நானும் மறைக்கவில்லை. என் அத்தானின் நண்பர் வழக்கறிஞர். உங்களிடமிருந்து வந்த செய்திகள் அத்தனையையும் அச்செடுக்கச் சொன்னார். புள்ளிகள், விரல்கள், அந்த மஞ்சள் முகம் எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டார். "மாசக்கணக்கா உன்னை நசுக்கியிருக்காங்க தம்பி. மிரட்டல்லதான் அட்டையைத் தொங்கவிட்டேன்னு சொல்லு. உன் உரிமத்தைத் தொட முடியாது" என்றார்.

அச்செடுத்த கட்டு என் பெட்டியில் இருக்கிறது. அதை வாசித்தால் நீங்கள் ஒரு கொடுமைக்காரி. நானே வாசித்து அப்படித்தான் நம்பியிருந்தேன். இப்போது உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். "உன் அறிக்கை வந்தது..." என்ற வரி ஒருமுறை திட்டுகிறது, மறுமுறை தட்டிக்கொடுக்கிறது. எது உண்மை என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மண்டையோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அண்ணன் மகள் சொன்னது பாதிதான். சிரிப்புக்கு மட்டும் நாங்கள் அதைப் போடுவதில்லை. 'நான் தொலைந்தேன், இதை எப்படிச் சமாளிக்கப் போகிறேன்' என்பதற்கும் போடுவோம். அழும் முகமும் அப்படித்தான். பயத்தைப் பயமாகக் காட்ட வெட்கப்பட்டால் இதற்குள் ஒளித்து அனுப்புவோம். அன்று நான் சிரிக்கவில்லை, சிஸ்டர்.

நாளை மாலைப் பேருந்தில் கிளம்புகிறேன். அந்தக் காகிதக் கட்டையும் எடுத்துவருகிறேன். திங்கட்கிழமை அறைக்குள் போய் என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது.

உபாதா


இர்பித்
ஜூன் 27

உபாதா,

நேற்று நடைகூடத்தில் நீ என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாய். உன் கையில் அச்செடுத்த காகிதங்கள் புடைத்த பழுப்பு உறையைப் பார்த்தேன். என் பையில் அந்தத் தாள் இருந்தது. நல்ல ஜோடிதான் நாம்.

எனக்குப் பின்னால் உன்னைக் கூப்பிட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதை உனக்கு எழுதிவிடுகிறேன், வேறு யார் வாயாலும் நீ கேட்க வேண்டாம்.

குழுத் தலைவி டாக்டர் ஹைஃபா உன் செய்தியை உரக்க வாசித்தார். மண்டையோடு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "நோயாளியோட உயிர் விஷயத்துல இது என்ன கூத்து?" என்றார். பக்கத்தில் இருந்த இருவரும் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் தாளை எடுத்து நீட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. கை பைக்குள் போகவும் செய்தது.

"என் பதிலையும் வாசியுங்க டாக்டர்" என்றேன்.

"சரின்னு சொல்லியிருக்கீங்க. தன்மையாத்தான் இருக்கு. இதுல என்ன?"

"தன்மையா இருக்கா? நானும் அப்படி நினைச்சுத்தான் எழுதினேன். தீமாகிட்ட கேளுங்க."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தீமா நிமிர்ந்தாள். அவளுக்கு உன் வயதுதான். "எனக்கு எதுக்கு வம்பு" என்று முணுமுணுத்தாள். டாக்டர் ஹைஃபா காகிதத்தை அவளிடம் தள்ளினார். "உன் மேலதிகாரிகிட்டேர்ந்து இது வந்தா என்ன நினைப்பே? பயப்படாம சொல்லு."

தீமா அதைப் பார்த்தாள். "பயமா இருக்கும் டாக்டர். ஏதோ கோபம், மேல பேச விருப்பமில்லன்னு நினைப்பேன். திருப்பிக் கேக்க மாட்டேன்."

"கேக்க மாட்டியா? புரியலைன்னாலும்?"

"புரியலைன்னா இன்னும் கேக்க மாட்டேன்."

குழுவின் மூன்றாவது ஆள், தாடிக்காரர், தன் கைப்பேசியை எடுத்து எதையோ தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மகனுக்கு அனுப்பிய செய்திகளாக இருக்கும்.

பிறகு நான் சொன்னேன்: "அவன் ரெண்டு கேள்வி கேட்டான். ரெண்டுக்கும் ஒரே சரி சொன்னேன். எந்த சரின்னு சொல்ல வேண்டியது என் வேலை. குளோரின் எண் எவ்வளவுன்னு கேக்க வேண்டியதும் என் வேலை. எண்ணே இல்லாத செய்திக்கு நான் விரலைத் தூக்கினேன்."

இயக்குநரின் தாளை வெளியே வந்ததும் கிழித்தேன். அவர் பார்க்கும்படியே கிழித்தேன், அது தேவையில்லாத திமிர்தான்.

நாளை உங்களுக்குப் பெருநாள். உன் அம்மாவுக்கு என் வாழ்த்து. இந்த வாழ்த்தில் எந்தக் குறியும் வைக்கவில்லை, நீயே உனக்குப் பிடித்ததை வைத்துக்கொள்.

நவால்


இர்பித், அம்மா வீட்டிலிருந்து
ஜூலை 5

சிஸ்டர்,

உறையை நான் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் உள்ளே போனேன்.

டாக்டர் ஹைஃபா உட்காரச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கட்டைவிரல் வந்த நிமிஷம், உனக்குள்ள என்ன தோணுச்சு? யோசிக்காம சொல்லு." மிரட்டப்பட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "நிம்மதியா இருந்துச்சு" என்றேன்.

"நிம்மதியா?"

"பொறுப்பு அவங்க தலைக்குப் போயிடுச்சுன்னு."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உங்கள் புள்ளிகளைக் கண்டு பயந்தது உண்மை. ஆனால் அந்தப் பயம் எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டாவது தொட்டியைச் சோதிக்க ஒரு குவளைத் தண்ணீரும் கொஞ்ச நேரமும் போதும். யாரிடமும் கேட்க வேண்டியதே இல்லை, விதியிலேயே இருக்கிறது. படியேறி வந்து "எதுக்கு சரி சொன்னீங்க?" என்று கேட்டிருந்தால் நீங்கள் என்ன, அடித்தா இருப்பீர்கள்? கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்ட மனிதரின் முகத்தைப் பார்ப்பதைவிட, அட்டையைத் தொங்கவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

தாடிக்காரர் மட்டும் சத்தம் போட்டார். "அப்போ ஏன்யா முதல்ல மிரட்டுனாங்கன்னு எழுதிக் கொடுத்தே?" அழுதுவிட்டேன். நிஜமான அழுகை.

உங்கள் எண்ணைத் தடுத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

உபாதா


இர்பித்
ஜூலை 12

உபாதா,

முடிவு வந்துவிட்டது, உனக்கும் தாள் வந்திருக்கும். உன் உரிமம் தப்பியது. ஒரு வருடம் இன்னொருவர் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். எனக்குத் தலைமைப் பொறுப்பு போயிற்று. வெளி நோயாளிப் பிரிவில் கட்டுப் போடவும் ஊசி போடவும் அனுப்புகிறார்கள். வீட்டில் கொஞ்சம் அழுதேன். வயதான பிறகு கீழ்ப்படியில் இறங்குவது வலிக்கத்தான் செய்கிறது. அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

மையத்துக்கு ஒரு விதி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் பற்றி இனி கைப்பேசியில் எதுவும் எழுதக் கூடாது. நேரில் வந்து, எண்ணை வாயால் சொல்ல வேண்டும். கேட்டவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அட்டை.

அபூ ஃபவாஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பார்க்கப் போனேன். அவர் மனைவி உம்மு ஃபவாஸ் கதவைத் திறந்து காபி கொடுத்தாள். ஆனால் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே குடித்தேன். "உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல இன்னும் வாய் வரல சிஸ்டர். வர்றப்ப சொல்றேன்" என்றாள். கேட்டுக்கொண்டு வந்தேன்.

உன்னைப் பற்றியும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மையம் திறக்கிறது, நீ இருப்பாய் என்றேன். வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

நவால்


இர்பித்
ஜூலை 16

சிஸ்டர்,

இன்று திறந்தோம். கைப்பேசியில் சொல்லாமல் கடிதமாகவே எழுதுகிறேன், இதை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அபூ ஃபவாஸ் வந்தார். பாதியாக இளைத்திருக்கிறார். தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் சட்டைக் கையைச் சுருட்டவில்லை. புதிய தலைமைச் செவிலியர் ஊசியோடு நிற்கிறார், இவர் கையைக் கொடுக்கவில்லை. உம்மு ஃபவாஸ் பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பையன் எங்க?" என்று அபூ ஃபவாஸ் கேட்டார்.

நான் தொட்டி அறையிலிருந்து வந்தேன். கூடம் முழுவதும் என்னையே பார்த்தது.

"ஏன்டா அன்னிக்கு அட்டையைத் தொங்கவிட்டே?"

எனக்கு நீளமாகப் பதில் சொல்லத் தெரியும். புள்ளி, விரல், வியப்புக்குறி என்று ஒரு கட்டு வைத்திருந்தவன் நான். அவர் கண்ணைப் பார்த்ததும் அதெல்லாம் வரவில்லை. "கேக்கப் பயந்தேன் மாமா" என்றேன். "சோதிக்காமலே தொங்கவிட்டேன்."

"யாரைக் கண்டு பயந்தே? நவாலையா? அவ ஈயைக்கூட அடிக்க மாட்டாளே!" என்றார். பின்னால் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னிக்குப் பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு தொட்டியையும்."

"எவ்வளவு?"

எண்ணை மெதுவாகச் சொன்னேன். "கேக்கல, சத்தமா" என்றார். மறுபடி சொன்னேன். செவிலியர் திருப்பிச் சொன்னார். அபூ ஃபவாஸும் திருப்பிச் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். உம்மு ஃபவாஸ் என்னை நேராகப் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாக, அந்த எண்ணைச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அபூ ஃபவாஸ் சட்டைக் கையைச் சுருட்டினார்.

உபாதா